கேஸை மூடி வைத்துக்கொண்டு கசிவு தேடாதீர்கள்

சோப்புத் தண்ணீர் சோதனையில் பலரும் செய்வது இதுதான்: பயத்தில் முதலில் ரெகுலேட்டரை மூடிவிடுகிறார்கள், பிறகு டியூபில் நுரையைத் தடவிப் பார்க்கிறார்கள். குமிழி வரவில்லை என்றதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். ரெகுலேட்டரை மூடிவிட்டால் டியூபுக்குள் புது கேஸ் வராது. அழுத்தம் இல்லாத இடத்தில் குமிழி எப்படி வரும்?

சரியான முறையில் ஸ்டவ்வின் திருகுகள் எல்லாம் மூடியிருக்க, ரெகுலேட்டர் மட்டும் திறந்திருக்க வேண்டும். அதற்கு முன் ஜன்னலைத் திறந்துவிட்டு, சாமி விளக்கு உட்பட எல்லா நெருப்பையும் அணைத்துவிடுங்கள். தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதை இன்றே விட்டுவிடுங்கள்.

அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விடை நுரை எழாமல் கலக்குங்கள். கெட்டி நுரையைப் பூசினால் அதிலேயே குமிழிகள் இருக்கும், கசிவால் வருவது எது என்று தெரியாது. ரெகுலேட்டர் சிலிண்டரில் உட்காரும் இடம், டியூபின் இரு முனைகள், டியூப் வளையும் இடம் ஆகியவற்றில் பிரஷால் தடவிவிட்டு, ஒரு நிமிடமாவது பொறுங்கள். வீட்டு ரெகுலேட்டரிலிருந்து வரும் அழுத்தம் குறைவு, அதனால் சின்னக் கசிவில் குமிழி மெதுவாகத்தான் ஊதும். துடைத்துவிட்டுத் திரும்பத் தடவும்போதும் அதே இடத்தில் ஊதினால் அது கசிவுதான்.

ரெகுலேட்டரின் அடியில் குமிழி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரெகுலேட்டரை மூடுங்கள். குமிழி நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வுக்குள் இருக்கும் கறுப்பு ரப்பர் வாஷர் வெடித்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. மூடிய பிறகும் குமிழி வந்தால் வால்வே கசிகிறது. ரெகுலேட்டரைக் கழற்றிப் பாதுகாப்பு மூடியை மாட்டிவிட்டு, வெளியே வந்து 1906-க்கு போன் செய்யுங்கள். இந்த எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி நிற்கும்.

டியூபில் மேலே பளபளப்பு இருக்கிறதே என்று விட்டுவிடுவது இன்னொரு தவறு. ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபின் ஆயுள் 5 ஆண்டு; அதன் மேலேயே தேதி அச்சிட்டிருக்கும். முனையை லேசாக வளைத்துப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு தெரிந்தால் தேதி பாக்கி இருந்தாலும் மாற்றுங்கள். அழகுக்காகத் துணி உறை போடாதீர்கள். வெடிப்பும் எலிக்கடியும் அதற்குள் மறைந்துவிடும்.

சுடர் நீலமாக எரிகிறது, அதனால் கசிவு இல்லை என்று நினைப்பதும் தவறு. சுடரின் நிறம் எரிவதைப் பற்றித்தான் சொல்லும், கசிவைப் பற்றிச் சொல்லாது. பால் பொங்கி வழிந்தபின் ஓரிரு மஞ்சள் பொறிகள் வந்து போனால் கவலையில்லை. மஞ்சளாகவே நின்று எரிந்து, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். அப்படி எரியும்போது கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். ஒரு பர்னர் மட்டும் மஞ்சளாக எரிந்தால் அது ஆறியபின் கழற்றி, துளைகளை ஊசியால் குத்தி, கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். அப்படியும் மாறாவிட்டால் உள்ளே ஜெட்டிலோ காற்றுத் துளையிலோ அடைப்பு இருக்கும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.