அறக்கொடை ஓட்டத்திற்குப் பெயர் வைப்பது எப்படி: டி-ஷர்ட்டிலும் பதிவுப் பக்கத்திலும் பொருந்தும் பெயர்

நிதி திரட்டுவதற்காக முதன்முறையாக ஓட்டம் நடத்தும் குழுவினர் பெரும்பாலும் பெயரை அழைப்பிதழில் எழுதிப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். ஆனால், ஓட்டத்தின் பெயர் அதிகமாக வாழும் இடங்கள் வேறு. ஒன்று, ஓடுபவரின் மார்பு. மற்றொன்று, கைபேசியில் திறக்கும் பதிவுப் பக்கமும் அதன் முகவரியும். இந்த இரண்டு இடங்களையும் முன்னிறுத்திப் பெயரைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஒரே ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

மதுரையில் ஓர் அறக்கட்டளை, தலசீமியா உள்ள குழந்தைகளின் சிகிச்சைக்காக 5 கி.மீ., 10 கி.மீ. ஓட்டங்களை நடத்த இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தக் குழந்தைகளுள் பலருக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். குழுவின் முதல் கூட்டத்தில் எழுந்த பெயர் இது: "தலசீமியா பாதித்த குழந்தைகளுக்கான மதுரை விழிப்புணர்வு மாரத்தான் 2026".

படி 1: பெயரையும் விளக்கத்தையும் பிரியுங்கள்

மேலே உள்ளது பெயரன்று, ஒரு விளக்கம். அதில் நோக்கம், பயனாளிகள், ஊர், நிகழ்ச்சியின் வகை, ஆண்டு ஆகிய ஐந்து செய்திகள் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து, அது பெயருக்குள் இருந்தே ஆக வேண்டுமா, அல்லது பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் வந்தால் போதுமா என்று கேளுங்கள்.

முதலில் வெளியேற வேண்டியது ஆண்டு. டி-ஷர்ட்டுகளைச் சற்றுக் கூடுதலாகவே அச்சிட வேண்டியிருக்கும். அளவு மாற்றிக் கேட்பவர்களுக்கும் கடைசி நேரத்தில் வருபவர்களுக்கும் கொடுத்தது போக எஞ்சுபவற்றின் மார்பில் 2026 என்று இருந்தால், அடுத்த ஆண்டு தன்னார்வலர்களுக்குக்கூட அவற்றை வழங்கத் தயங்குவீர்கள். பதிவுப் பக்கத்தின் முகவரியிலும் ஆண்டு வேண்டாம். முகவரி மாறாமல் இருந்தால்தான், இவ்வாண்டு பகிரப்பட்ட இணைப்புகள் அடுத்த ஆண்டும் அதே பக்கத்திற்கு ஆட்களை அழைத்து வரும்.

அடுத்து, "மாரத்தான்" என்ற சொல். மாரத்தான் என்பது 42.195 கி.மீ. தொலைவைக் குறிக்கும், அரை மாரத்தான் 21.0975 கி.மீ. நம் ஊர்களில் 3 கி.மீ. நடைக்குக்கூட மாரத்தான் என்று பெயரிடும் வழக்கம் வேரூன்றிவிட்டது என்றாலும், பதிவுப் பக்கத்தில் அது இரு வகையில் இடையூறு செய்கிறது. பழகிய ஓட்டக்காரர்கள் முழுத் தொலைவை எதிர்பார்த்து வந்து ஏமாறுகிறார்கள். இதுவரை ஓடியே பழகாத குடும்பத்தினரோ, இது தமக்கானதன்று என்று எண்ணிப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். நன்கொடை ஓட்டத்திற்கு அந்தக் குடும்பத்தினரே மிகவும் வேண்டியவர்கள். ஆகவே, "ஓட்டம்" என்ற சொல்லே போதும்.

புரவலர் நிறுவனத்தின் பெயரும் நிலையான பெயருக்குள் வரக்கூடாது. 2004இல் தொடங்கிய மும்பை மாரத்தானின் முன்னொட்டாக 2017 வரை ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியின் பெயர் இருந்தது. 2018 முதல் டாடா என்ற பெயர் இருக்கிறது. முன்னொட்டு மாறியபோதும் "மும்பை மாரத்தான்" என்ற உட்பகுதி மாறாமல் தனித்து நின்றது. உங்கள் பெயரும் முன்னொட்டை நீக்கினால் தனித்து நிற்கக்கூடியதாக இருக்கட்டும்.

நோக்கத்தை முழுமையாகப் பெயரில் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. புற்றுநோயால் ஒரு காலை இழந்த நிலையில் 1980இல் கனடாவின் குறுக்கே ஓடிய டெரி ஃபாக்ஸின் பெயரில், 1981 முதல் நடைபெற்றுவரும் டெரி ஃபாக்ஸ் ஓட்டத்தின் தலைப்பில் புற்றுநோய் என்ற சொல்லே கிடையாது. புதிய ஓட்டத்திற்கு அத்தகைய வரலாறு இராது. ஆனால், பெயர் நோக்கத்தைச் சுட்டினால் போதும், மீதியை அடுத்த வரி சொல்லிவிடும் என்பதற்கு அது நல்ல சான்று.

படி 2: ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிட்டுப் பாருங்கள்

தமிழ்ப் பெயரை எவ்வளவு விரும்பினாலும், முகவரிப் பட்டியில் பெரும்பாலோர் ஆங்கில எழுத்துகளையே தட்டுகிறார்கள். ஆகவே, ஒரே விதமாக எழுத வாய்ப்புள்ள பெயரைத் தேட வேண்டும். தொடக்கநிலைக் குழுக்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இந்தப் படியைத்தான் என்பதால், இங்கே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

நம் எடுத்துக்காட்டில் எல்லோருக்கும் உடனே தோன்றும் பெயர் "இரத்த ஓட்டம்". உடலில் ஓடும் குருதியையும் சாலையில் ஓடும் ஓட்டத்தையும் அது ஒருசேரக் குறிப்பதால் காதுக்கு மிகப் பொருத்தமாகவே ஒலிக்கிறது. ஆனால், இணையத்தில் அதைத் தேடினால் உடலியல் பாடங்களும் மருத்துவக் குறிப்புகளுமே முன்னே வந்து நிற்கும். உங்கள் பதிவுப் பக்கம் அவற்றின் பின்னே மறைந்துவிடும். மேலும், பேச்சு வழக்கில் "ரத்த" என்பதைப் பலரும் ratha என்றே எழுதுவார்கள். அதையே தேர் என்ற பொருளில் "ரத" என்றும் படிக்கலாம். சித்திரைத் திருவிழாவில் தேரோடும் ஊரான மதுரையில், ratha ottam என்ற முகவரி எதை நினைவூட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"ஓட்டம்" என்ற சொல்லும் எளிதன்று. சிலர் ottam என்பர். நெடில் ஒலியைக் காட்ட விரும்புவோர் oottam என்று எழுதினால், அது "ஊட்டம்" என்று படிக்கப்படும். எனவே, தமிழ் வடிவத்தில் "ஓட்டம்" என்றும், ஆங்கில எழுத்து வடிவத்தில் Run என்றும் வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

இப்போது "துளி" என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். அது இரத்தத் துளியைச் சுட்டுகிறது, சிறு நன்கொடையையும் சுட்டுகிறது, இரண்டே எழுத்து. தமிழர்களில் பெரும்பாலோர் thuli என்றே எழுதுவர். ஆனால், Thuli Run என்பதைச் சேர்த்து எழுதும்போது ஒரு சிக்கல் வருகிறது:

```
thulirun
thuli-run
thuli-madurai
```

முதல் வரியைப் படிப்பவரின் கண் "துளிர்" என்ற சொல்லில் நின்றுவிடுகிறது. முகவரிகளிலும் ஹேஷ்டேக்குகளிலும் சொற்களுக்கு இடையே இடைவெளி விட முடியாது என்பதால், ஒவ்வொரு பெயரையும் இப்படிச் சிறிய எழுத்தில் ஒட்டி எழுதிப் பார்த்தே தீர வேண்டும். இரண்டாம் வரி தெளிவாக இருக்கிறது என்றாலும், வாயால் சொல்லும்போது இடைக்கோட்டை மறந்துவிடுவார்கள். மூன்றாவதில் இடைக்கோட்டை விட்டுவிட்டாலும் thulimadurai என்பதைப் பிழையாகப் படிக்க இடமில்லை. ஊரின் பெயரும் உடன் வந்துவிடுகிறது. ஆகவே, முகவரிக்கு மூன்றாவதையே தேர்ந்தெடுக்கலாம். ஹேஷ்டேக்கில் #ThuliMadurai என்று பெரிய எழுத்துகளால் சொற்களைப் பிரித்துக் காட்டலாம்.

குழுவில் இல்லாத ஐந்தாறு பேரிடம் தொலைபேசியில் பெயரை மட்டும் சொல்லி, அதை முகவரியாகத் தட்டச்சிட்டு அனுப்பச் சொல்லுங்கள். மூன்று விதமான எழுத்துக்கூட்டல்கள் வந்தால் வேறு பெயரைத் தேடுங்கள்.

முகவரியையே தமிழில் வைக்கலாமே என்று கேட்கலாம். தொழில்நுட்பத்தில் அதற்குத் தடையில்லை. ஆயினும், பக்க முகவரியில் உள்ள தமிழ் எழுத்துகள் நகலெடுத்து ஒட்டும்போது பல இடங்களில் குறியீடுகளாக விரிந்துவிடும். "துளி" என்ற இரண்டெழுத்துச் சொல் இப்படி 36 குறிகளாகும்:

```
%E0%AE%A4%E0%AF%81%E0%AE%B3%E0%AE%BF
```

குறுஞ்செய்தியிலோ சுவரொட்டியிலோ இதை யாரும் நம்பித் தொடமாட்டார்கள். பக்கத்தின் தலைப்பில் தமிழும் முகவரியில் ஆங்கில எழுத்துகளும் இருப்பதே நடைமுறைக்கு உகந்தது.

படி 3: எண் அட்டையைக் குத்திவிட்டுச் சட்டையைப் பாருங்கள்

வடிவமைப்பாளர் அனுப்பும் படத்தில் டி-ஷர்ட் வெறுமையாக, அழகாக இருக்கும். ஓட்டத்தன்று அதன் நடுவே "பிப்" எனப்படும் எண் அட்டையைக் குத்துவார்கள். அது ஏறத்தாழ ஏ5 தாளின் அளவு இருக்கும். மார்பின் நடுவிலோ வயிற்றுப் பகுதியிலோ அமர்ந்துவிடும். நடு மார்பில் மூன்று வரிகளாக அச்சிட்ட பெயர் ஒளிப்படங்களில் தெரியாமல் போவது இதனால்தான். கழுத்துப் பட்டைக்கும் அட்டைக்கும் இடையே எஞ்சுவது சுமார் நான்கு விரற்கடை உயரமுள்ள ஒரு பட்டைதான். பெயர் அதற்குள் ஒரே வரியில், மிஞ்சினால் இரு வரிகளில், அடங்க வேண்டும்.

இதைச் சோதிக்க அச்சகம் தேவையில்லை. பெயரை ஏ4 தாளில் அகலவாட்டில் அச்சிட்டு, ஒருவர் சட்டையில் கழுத்துக்குக் கீழே ஒட்டுங்கள். அதன்கீழ் ஏ5 தாள் ஒன்றைக் குத்துங்கள். பத்து மீட்டர் தள்ளி நின்று கைபேசியில் படமெடுத்து, படத்தைப் பெரிதாக்காமல் படித்துப் பாருங்கள். "துளி ஓட்டம்" தெளிவாகத் தெரியும். முதல் கூட்டத்தில் எழுந்த நீண்ட பெயர் மங்கலான கோடாகத்தான் தெரியும். குழந்தைகளின் அளவுச் சட்டைக்கும் பெரும்பாலும் அதே அச்சுச் சட்டத்தையே பயன்படுத்துவார்கள் என்பதால், மிகச் சிறிய சட்டையின் அகலத்திற்கு ஏற்பவே சோதனையைச் செய்யுங்கள்.

தமிழ் எழுத்துகளுக்கே உரிய கவனமும் வேண்டும். "ஓட்டம்" என்ற சொல்லில் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. மெல்லிய எழுத்துருவில், துளைகள் நிறைந்த பாலியெஸ்டர் துணிமேல் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும்போது, இந்தப் புள்ளிகள் மை அடைத்தோ உதிர்ந்தோ போகலாம். அப்போது "ஓடடம" என்ற பொருளற்ற எழுத்துக் கூட்டமே மிஞ்சும். "து", "ளி" ஆகியவற்றின் சுழிகள் கீழும் மேலும் நீள்வதால், இரு வரிகளை நெருக்கி வைத்தால் அவை ஒன்றோடொன்று முட்டும். தடித்த எழுத்துரு, தாராளமான வரி இடைவெளி, ஒரே நிற மை ஆகியவற்றைக் கேளுங்கள். ஒவ்வொரு நிறத்திற்கும் தனிச் சட்டம் தேவைப்படுவதால் நிறம் கூடக்கூடச் செலவும் கூடும். அந்தப் பணம் குழந்தைகளின் சிகிச்சைக்குப் போக வேண்டியது.

5 கி.மீ., 10 கி.மீ. என்ற தொலைவைச் சட்டையில் அச்சிட வேண்டாம் என்பது என் கருத்து. எண் அட்டையின் நிறமே அதைக் காட்டிவிடும்; ஒரே அச்சை எல்லோருக்கும் பயன்படுத்தலாம்.

படி 4: பதிவுப் பக்கத்தில் பெயரை அமையுங்கள்

படி 1இல் பெயரிலிருந்து நீக்கியவை அனைத்தும் இங்கே இடம்பெறும். பெயர் முதலிலும், ஊரும் ஆண்டும் அடுத்தும், நோக்கம் தனி வரியிலும் வரட்டும்:

```
துளி ஓட்டம் – மதுரை 2026
தலசீமியா உள்ள குழந்தைகளின் சிகிச்சைக்காக
5 கி.மீ. | 10 கி.மீ.
```

கைபேசியிலும் வாட்ஸ்அப் முன்னோட்டத்திலும் நீண்ட தலைப்பின் பின்பகுதி வெட்டப்படும். பெயர் முன்னால் இருந்தால் வெட்டப்படுவது துணைச் செய்தியாக மட்டுமே இருக்கும். "துளி ஓட்டம்" என்று பிரித்து எழுதுவதா, "துளியோட்டம்" என்று சேர்த்து எழுதுவதா என்பதையும் இப்போதே முடிவு செய்து, எல்லா இடங்களிலும் அந்த ஒரே வடிவத்தைப் பின்பற்றுங்கள்.

பணம் செலுத்தும் திரையில் ஓட்டத்தின் பெயருக்குப் பதிலாகப் பெரும்பாலும் வங்கிக் கணக்கில் உள்ள அறக்கட்டளையின் பெயரே தோன்றும். அறிமுகமில்லாத பெயரைக் கண்டு மோசடியோ என்று அஞ்சிப் பின்வாங்குபவர்கள் உண்டு. ஆகவே, பணம் எந்தப் பெயருக்குச் செல்லும் என்பதைக் கட்டணப் பொத்தானுக்கு மேலேயே எழுதிவிடுங்கள்.

படி 5: பெயர் வேறொருவருடையதா என்று பாருங்கள்

தமிழிலும் ஆங்கில எழுத்துகளிலும் பெயரைத் தேடுங்கள்; ஓட்டங்களைப் பதிவுசெய்யும் தளங்களிலும் சமூக ஊடகங்களிலும் தேடுங்கள். இந்திய வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்திலும் பொதுமக்கள் தேடலாம். விளையாட்டு நிகழ்ச்சிகள் 41ஆம் வகுப்பிலும் ஆடைகள் 25ஆம் வகுப்பிலும் வருவதால் இரண்டையும் பாருங்கள். நகரத்தின் பெயரோடு மாரத்தான் என்று சேர்த்தால் எவருக்கும் உரிமை இராது என்று எண்ண வேண்டாம்; "பாஸ்டன் மாரத்தான்" பதிவுசெய்யப்பட்ட வணிகச் சின்னம்.

பெயர் தடையின்றிக் கிடைத்தால், அச்சகத்திற்குப் பேசுவதற்கு முன்பே முகவரியையும் சமூக ஊடகக் கணக்குகளையும் எடுத்துவிடுங்கள். அச்சகத்திற்குப் பெயரை வாட்ஸ்அப் செய்தியாகத் தட்டச்சிட்டு அனுப்பாதீர்கள். பழைய வடிவமைப்பு மென்பொருள்களிலும் யூனிகோடு அல்லாத எழுத்துருக்களிலும் தமிழ் எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறுவது இன்றும் நடக்கிறது. எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றிய பிடிஎஃப் கோப்பை அனுப்புங்கள். ஒரு சட்டையை மட்டும் மாதிரியாக அச்சிட்டுத் துவைத்து, புள்ளிகள் உதிராமல் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே மீதிச் சட்டைகளுக்கு ஒப்புதல் கொடுங்கள்.