ஆர்சிஎஸ் போகிறதா, எஸ்எம்எஸ் போகிறதா?

கூகுள் மெசேஜஸில் தட்டச்சுப் பெட்டியைப் பாருங்கள். RCS message என்றிருந்தால் செய்தி ஆர்சிஎஸ்ஸாக, அதாவது இணையம் வழியே போகும். Text message என்றிருந்தால் சாதாரண எஸ்எம்எஸ்தான். எதிர்முனையில் டேட்டா அணைந்திருந்தாலோ, அவர் ஆர்சிஎஸ் இல்லாத போனுக்கு மாறியிருந்தாலோ இப்படி எஸ்எம்எஸ்ஸாக இறங்கிவிடும்.

இதில் தமிழில் எழுதுபவர்களுக்குத்தான் செலவு அதிகம். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70 மட்டுமே. அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'வணக்கம்' நமக்கு ஐந்தெழுத்து, போனுக்கு ஏழு! 150 வந்தால் மூன்று எஸ்எம்எஸ் கழியும். பேக்கில் எஸ்எம்எஸ் குறைவா? செட்டிங்ஸில் RCS chats பகுதிக்குள், தானாக எஸ்எம்எஸ்ஸாக மறுபடி அனுப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். அப்புறம் அவர் இணையத்துக்கு வரும்வரை செய்தி காத்திருக்கும். அவசரச் செய்திக்கு மட்டும் இது சரிப்படாது.