அரை எக்ஸா, ஒன்றை இரண்டு எக்ஸால் வகுப்பதா? 1/2x என்று தட்டும்போது நேரும் தவறுகள்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு கணித ஆசிரியர் இரவு எட்டு மணிக்கு வகுப்பு வட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு கணக்கைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

```
1/2x + 1 = 3
```

காலையில் பாதிப் பேர் x = 4 என்றும் மீதிப் பேர் x = 1/4 என்றும் விடை கொண்டு வருவார்கள். இரண்டு பக்கத்திலும் ஒருவர்கூடக் கணக்கில் பிழை விட்டிருக்க மாட்டார். பிழை கணக்கைத் தட்டிய விதத்தில் இருக்கிறது.

முதல் கூட்டம் 1/2 ஐ x இன் குணகமாக எடுத்தது. அரை எக்ஸ் 2 க்குச் சமன், ஆகவே x = 4. இரண்டாவது கூட்டம் 2x முழுவதையும் பகுதியெண்ணாக எடுத்தது. 1/(2x) = 2 என்றால் 4x = 1, ஆகவே x = 1/4. இரண்டுமே ஒழுங்கான விடைகள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

கொப்பியில் எழுதும்போது இந்தக் குழப்பம் ஏன் வருவதில்லை? பின்னத்தின் கிடைக்கோடு ஓர் அடைப்பின் வேலையையும் செய்கிறது. கோட்டுக்குக் கீழே நிற்பதெல்லாம் பகுதியெண், பக்கத்தில் நிற்பது வெளியே. கைபேசியில் தட்டும்போது அந்தக் கோடு ஒரு சாய்கோடாகச் சுருங்குகிறது. சாய்கோட்டுக்கு நீளம் இல்லை. அது 2 ஓடு நிற்கிறதா, x வரை போகிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. வாயால் வாசித்தாலும் இதே கதைதான்: "ஒன்றின் கீழ் இரண்டு எக்ஸ்" என்று சொன்னால் கேட்பவர் இரண்டு விதமாகவும் எழுதலாம். தொலைபேசியில் கணக்குச் சொல்பவர்கள் "அரை எக்ஸ்" என்றோ "ஒன்றை இரண்டு எக்ஸால் வகுக்க" என்றோ சொல்வதே நல்லது.

"BODMAS இருக்கிறதே" என்று நம்பிவிடுவது

அடிக்கடி காணும் தவறு இதுதான். BODMAS இல் வகுத்தலும் பெருக்கலும் ஒரே தரத்தில் உள்ளவை, இடமிருந்து வலமாகச் செய்ய வேண்டும். அப்படிப் பார்த்தால் 1/2x என்பது அரை எக்ஸ்தான். ஆனால் அந்த விதி, பெருக்கல் குறி போட்டு எழுதிய 1 ÷ 2 × x க்குத்தான் தெளிவாகப் பொருந்தும். குறி போடாமல் ஒட்டி எழுதும் 2x ஐப் பலர் பிரிக்க முடியாத ஒரே உறுப்பாகப் பார்க்கிறார்கள். பௌதிகவியல் நூல்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் ஒரே வரியில் எழுதிய 1/2x பெரும்பாலும் 1/(2x) என்ற பொருளில்தான் வருகிறது. இரண்டு வழக்குக்கும் பின்னால் நியாயம் உண்டு. அதனால் ஒரு பக்கத்தை "பிழை" என்று சொல்லி மாணவரின் புள்ளியைக் குறைப்பது சரியல்ல. அளவுகளையும் அலகுகளையும் பற்றிய சர்வதேச நியமமான ISO 80000 கூட யார் சரி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. சாய்கோட்டுக்குப் பின்னால் அதே வரியில் பெருக்கலோ வகுத்தலோ வந்தால் அடைப்புப் போடு என்பதுதான் அதன் அறிவுரை.

கணிகருவியை நடுவராக வைப்பது

6÷2(1+2) ஐ கெசியோ fx-991EX இல் தட்டினால் அதுவே ஓர் அடைப்பைச் சேர்த்து 6÷(2(1+2)) என்று காட்டி 1 என்கிறது. கூகுள் தேடலில் அதையே போட்டால் (6/2) ஐ முதலில் எடுத்து 9 என்கிறது. ஒவ்வொரு கருவியும் தன்னைச் செய்தவர் தெரிந்தெடுத்த வழக்கையே சொல்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: கணிகருவியோ கூகுளோ தான் போட்ட அடைப்பைத் திரையில் காட்டினால், விடையைப் பார்க்கும் முன் அந்த அடைப்பைப் பாருங்கள்.

விடையை அதே கண்ணால் சரிபார்ப்பது

x = 4 என்று கண்டவர் 1/2x இல் 4 ஐப் பிரதியிட்டு, அரைவாசி 4 என்பது 2, 2 + 1 = 3, சரி என்பார். x = 1/4 என்று கண்டவர் 2x என்பது 1/2, ஒன்றை அரையால் வகுத்தால் 2, 2 + 1 = 3, சரி என்பார். கோவையைத் தான் வாசித்தபடியே திரும்பவும் வாசிப்பதால் பிரதியீடு எதையும் பிடித்துத் தராது.

இலகுவான எண் என்று x = 1 ஐப் போட்டுப் பார்ப்பது இன்னும் மோசம். x = 1 ஆனால் அரை எக்ஸும் 1/2, 1/(2x) உம் 1/2. x = −1 க்கும் இரண்டும் ஒத்துப்போகும். x/2 = 1/(2x) என்று எழுதித் தீர்த்தால் x² = 1 என்று வருவதுதான் காரணம். இரண்டு வாசிப்பும் சந்திக்கும் இடங்கள் அவை மட்டுமே. ஆகவே ஒரு செயலியோ கணிகருவியோ நீங்கள் தட்டியதை எப்படி எடுக்கிறது என்று அறிய x = 4 போடுங்கள். 2 வந்தால் அரை எக்ஸ், 0.125 வந்தால் 1/(2x).

பகுதியெண்ணில் பெருக்கல் இருப்பதை விரிதாளில் மறப்பது

வகுப்பறைக்கு வெளியே அதிகம் நட்டம் தருவது இதுதான். ஒரு ஹெக்டெயரில் தேயிலைக் கன்றுகளை வரிசைக்கு வரிசை 1.2 மீற்றர், கன்றுக்குக் கன்று 0.6 மீற்றர் இடைவெளியில் நடுவதாக எடுப்போம். ஒரு ஹெக்டெயர் 10000 சதுர மீற்றர். ஒரு கன்றுக்குரிய இடம் 1.2 × 0.6 = 0.72 சதுர மீற்றர். எத்தனை கன்று வேண்டும் என்று பார்க்க ஒருவர் இப்படித் தட்டுகிறார்:

```
=10000/1.2*0.6
```

வரும் விடை 5000. பெருக்கல் குறி வெளிப்படையாக இருப்பதால் இங்கே இரண்டு வாசிப்புக்கு இடமில்லை. விரிதாள் இடமிருந்து வலமாக 10000 ஐ 1.2 ஆல் வகுத்து, பிறகு 0.6 ஆல் பெருக்கிவிட்டது. மனதில் நினைத்ததோ இது:

```
=10000/(1.2*0.6)
```

இதற்கு விடை ஏறத்தாழ 13,889. 5000 கன்று என்பது பார்வைக்கு நம்பக்கூடிய எண்ணாக இருப்பதால்தான் ஆபத்து. நாற்றுமேடையில் சொல்லிவைத்த கன்றுகள் முடிந்தபின் நிலத்தில் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடக்கும்.

இதைப் பிடிக்க அலகுகளை எழுதிப் பாருங்கள். சதுர மீற்றரை மீற்றரால் வகுத்து மீற்றரால் பெருக்கினால் மீண்டும் சதுர மீற்றர்தான் வரும். நமக்குத் தேவை கன்றுகளின் எண்ணிக்கை, அதில் மீற்றர் மிஞ்சக்கூடாது. இன்னொரு சோதனையும் உண்டு: கன்றுகளின் இடைவெளியை 0.6 இலிருந்து 0.5 ஆகக் குறைத்தால் கன்றுகள் கூட வேண்டும். பிழையான சூத்திரத்தில் எண்ணிக்கை குறையும்.

எப்படித் தட்டுவது

அரை எக்ஸ் என்றால் x/2 என்று எழுதுங்கள். அடைப்பே வேண்டாம், குழப்பமும் இல்லை. இரண்டு எக்ஸ் கீழே இருக்க வேண்டுமானால் 1/(2x). கணினிக்கு என்றால் பெருக்கல் குறியையும் சேர்த்து 1/(2*x). 1/2 x என்று நடுவில் இடைவெளி விட்டு விளக்க முயல்வது வீண். பல செயலிகள் இடைவெளியைக் கணக்கில் எடுப்பதில்லை, மனிதர்களும் கவனிப்பதில்லை. மேலே கூட்டல் இருந்தாலும் இதே விதிதான்: (x+1)/2 என்று நினைத்து x+1/2 என்று தட்டினால் x உடன் அரை கூடியதாகிவிடும்.

அடைப்பில்லாத கணக்கு உங்களுக்கு வந்தால், முடியுமானால் அனுப்பியவரிடமே கேளுங்கள். முடியாவிட்டால், விடைத்தாளின் முதல் வரியிலேயே "1/2x என்பதை 1/(2x) ஆக எடுத்துள்ளேன்" என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள். செயலட்டை தட்டும் ஆசிரியர்களுக்கோ, கணக்கைத் தாளில் கிடைக்கோட்டுடன் எழுதிப் படம் பிடித்து அனுப்புவதே பல வேளைகளில் விரைவான வழி.