விற்பனை பத்து விழுக்காடு குறைந்தால் லாபம் எவ்வளவு குறையும்? சாப்பாட்டுக் கடைக் கணக்கை வைத்து ஆப்பரேட்டிங் லெவரேஜ்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அக்காவும் மாமாவும் நடத்தும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். 2025 மார்ச் மாதம் கிட்டத்தட்ட முழுவதும் நோன்பு. பக்கத்து அலுவலகங்களிலிருந்து மத்தியானம் சாப்பிட வரும் மலாய்க்காரர்கள் அந்த மாதம் வரவில்லை. மாதக் கடைசியில் கணக்கைப் பார்த்த அக்கா, “யாவாரம் பத்துல ஒரு பங்குதானே தம்பி கொறஞ்சிருக்கு, லாபம் ஏன் பாதியா போச்சு?” என்று கேட்டார். சாமான் வாங்குவதில் யாரோ கை வைக்கிறார்கள் என்று மாமா சந்தேகப்பட்டார்.

யாரும் கை வைக்கவில்லை. அந்தக் கடையின் செலவு அமைப்பில் அப்படித்தான் நடக்கும். இதை முன்கூட்டியே காட்டும் எண்ணுக்குப் பெயர் டிகிரி ஆஃப் ஆப்பரேட்டிங் லெவரேஜ். சுருக்கமாக டிஓஎல் என்று எழுதுகிறேன். விற்பனை ஒரு விழுக்காடு அசைந்தால் லாபம் எத்தனை விழுக்காடு அசையும் என்பதே அது சொல்லும் செய்தி. டிஓஎல் 5 என்றால், விற்பனை 10 விழுக்காடு குறையும்போது லாபம் 50 விழுக்காடு குறையும்.

முதலில், ஒரு மாதக் கணக்கு

ஒரு சாதாரண மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதன் சராசரி வேண்டாம். தீபாவளி மாதமும் நோன்பு மாதமும் அதில் கலந்துவிடும். எங்கள் கடையின் சாதாரண மாத விற்பனை 60,000 வெள்ளி. (படிக்க எளிதாக எல்லா எண்ணையும் முழுமைப்படுத்தியிருக்கிறேன்.) சேவை வரி வசூலிக்கும் கடையாக இருந்தால் அந்த வரியைக் கழித்துவிட்டு எழுதுங்கள், அது உங்கள் விற்பனை இல்லை.

சாமான் செலவை எழுதும்போது அந்த மாதம் வாங்கியதை எழுதாதீர்கள், சமைத்துத் தீர்த்ததை எழுதுங்கள். மாதத் தொடக்கத்தில் இருந்த சரக்கோடு வாங்கியதைக் கூட்டி, கடைசியில் மிஞ்சியதைக் கழித்தால் அது கிடைக்கும். மொத்தமாக இருபது மூட்டை அரிசி வாங்கிப் போட்ட மாதத்தில் இதைச் செய்யாவிட்டால் எண் தாறுமாறாக வரும்.

செலவைப் பிரிப்பது: நான் தவறு செய்த இடம்

ஒவ்வொரு செலவையும் இரண்டில் ஒரு பக்கம் போட வேண்டும். விற்பனையோடு கூடவே ஏறி இறங்குவது மாறும் செலவு. விற்றாலும் விற்காவிட்டாலும் அப்படியே நிற்பது நிலையான செலவு. படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கும். நான் முதல் தடவை செய்தபோது சமையல்காரர், பரிமாறுபவர்கள் சம்பளத்தையெல்லாம் மாறும் செலவில் போட்டேன். கணக்கு மென்பொருளின் லாப நட்ட அறிக்கையில் அந்தச் சம்பளம் அரிசி பருப்போடு ஒரே தலைப்பில் இருந்தது, நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். டிஓஎல் 2.5 என்று வந்தது. அதாவது விற்பனை பத்து விழுக்காடு குறைந்தால் லாபம் கால்வாசி போகும். ஆனால் மார்ச்சில் போனது பாதி. கணிப்பும் நடந்ததும் இவ்வளவு விலகினால், ஏதோ ஒரு பெரிய செலவு தப்பான பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது ஒவ்வொரு பில்லையும் கையில் எடுத்து ஒரே கேள்வி கேட்கிறேன்: அடுத்த மாதம் பத்துப் பேரில் ஒருவர் வராவிட்டால், யாரும் எதுவும் செய்யாமலேயே இந்தத் தொகை குறையுமா? மீன் வாங்குவது குறையும், வாழையிலை குறையும், டெலிவரி செயலிக்குக் கொடுக்கும் கமிஷன் குறையும். பரிமாறுபவரின் மாதச் சம்பளம் குறையாது. அவருடைய இபிஎஃப், சொக்சோவும் குறையாது. வேலையே சமையல்தான் என்றாலும் அது நிலையான செலவு. சனி ஞாயிறுகளில் மட்டும் நாள்கூலிக்கு வரும் பையனை, கூட்டம் இல்லாத வாரம் உண்மையிலேயே கூப்பிடாமல் இருப்பீர்கள் என்றால், மாறும் செலவில் போடலாம். இல்லையென்றால் அவரும் நிலையான பக்கம்தான்.

மின்சாரம் இரண்டும் கலந்தது. குளிர்பதனப் பெட்டி ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஓடும், கிரைண்டர் வேலைக்கு ஏற்ப ஓடும். இதைப் பிரிக்க, விற்பனை அதிகமாக இருந்த ஒரு மாதத்தையும் குறைவாக இருந்த ஒரு மாதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு 65,000 விற்ற மாதத்தில் பில் 2,300 வெள்ளி, 50,000 விற்ற மாதத்தில் 2,000 வெள்ளி. விற்பனை 15,000 கூடியதற்குப் பில் 300 கூடியிருக்கிறது. அப்படியானால் ஒரு வெள்ளி விற்பனைக்கு 2 சென். 65,000-க்கு அது 1,300. பில்லில் மீதியுள்ள 1,000 வெள்ளி நிலையானது. கடை மூடியிருந்த மாதம், குளிர்சாதனம் புதிதாக மாட்டிய மாதம் போன்றவற்றை இதற்கு எடுக்காதீர்கள்.

பிரித்த பிறகு எங்கள் கணக்கு இப்படி நின்றது. மாறும் செலவில் சமையல் சாமான் 22,800, கேஸ், இலை, பொட்டலப் பொருள்கள் 2,400, டெலிவரி கமிஷன் 3,600, மின்சாரத்தின் மாறும் பகுதி 1,200. மொத்தம் 30,000. நிலையான செலவில் கடை வாடகை 6,500, சம்பளமும் அது சார்ந்தவையும் 14,900, மின்சாரத்தின் நிலையான பகுதி 1,000, கிரைண்டர், குளிர்பதனப் பெட்டி போன்ற சாதனங்களின் தேய்மானம் 700, லைசன்ஸ், இணையம் போன்ற சில்லறைகள் 900. மொத்தம் 24,000.

எண்ணைக் கண்டுபிடிப்பது

விற்பனையிலிருந்து மாறும் செலவைக் கழித்தால் வருவது பங்களிப்பு: 30,000. அதிலிருந்து நிலையான செலவைக் கழித்தால் லாபம்: 6,000. பங்களிப்பை லாபத்தால் வகுத்தால் டிஓஎல்: 5. அவ்வளவுதான்.

இதற்குக் கூகுள் ஷீட்ஸ் போதும். கணக்கு மென்பொருளிலேயே ரிப்போர்ட் இருந்தாலும் நான் பயன்படுத்துவதில்லை. எந்தச் செலவு எந்தப் பக்கம் என்பதை நாமே கையால் போடும்போதுதான் தவறு கண்ணில் படுகிறது. B1-இல் விற்பனை, B2-இல் மாறும் செலவு, B3-இல் நிலையான செலவு:

```
B1: 60000
B2: 30000
B3: 24000
B4: =B1-B2
B5: =B4-B3
B6: =B4/B5
B7: =B6*-10%
B8: =(B4*0.9-B3)/B5-1
```

B6-இல் 5 வரும். B7, B8 இரண்டிலும் -50% வர வேண்டும். -0.5 என்று தெரிந்தால் அந்தக் கட்டங்களை விழுக்காடாக மாற்றுங்கள். B8 பங்களிப்பைப் பத்து விழுக்காடு குறைத்து லாபத்தை நேராகவே போட்டுப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துவராவிட்டால் சூத்திரத்தில் ஏதோ கட்டம் மாறியிருக்கிறது.

மார்ச்சில் உண்மையில் விற்றது 54,200. பங்களிப்பு 27,100, நிலையான செலவு அதே 24,000, லாபம் 3,100. இதைக் காட்டியதும் மாமாவின் சந்தேகம் தீர்ந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி முதல் தேதியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,500-இலிருந்து 1,700 வெள்ளி ஆனது. எங்களிடம் அந்தச் சம்பளத்தில் நான்கு பேர். இபிஎஃப் சேர்க்காமலேயே மாதம் 800 வெள்ளி கூடியது. அதற்கு முன் லாபம் 6,800-ஆக இருந்திருக்கும், டிஓஎல் சுமார் 4.4. நிலையான செலவு கூடும்போது லாபம் குறைவதோடு, விற்பனை சரிவு தாக்கும் வேகமும் கூடுகிறது.

இந்த எண் ஒரே இடத்தில் நிற்காது

5 என்பது 60,000 வெள்ளி விற்பனையில் நிற்கும்போது மட்டும்தான். 54,000-க்கு இறங்கியதும் பங்களிப்பு 27,000, லாபம் 3,000, டிஓஎல் 9. அங்கிருந்து இன்னொரு பத்து விழுக்காடு குறைந்தால் 48,600. லாபம் வெறும் 300. முதல் சரிவு பாதியைத் தின்றது, இரண்டாவது சரிவு மிச்சத்தில் பத்தில் ஒன்பது பங்கைத் தின்கிறது. அதனால் இரண்டு மாதம் தொடர்ந்து சரிந்தால் பழைய 5-ஐ வைத்துக் கணிக்காதீர்கள், புதிதாகப் போடுங்கள்.

1-ஐ டிஓஎல்-ஆல் வகுத்தால் லாபமே இல்லாத இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும். 1/5 என்றால் 20 விழுக்காடு. விற்பனை 12,000 குறைந்து 48,000 ஆனால் லாபம் பூஜ்யம். அதற்கு மிக அருகில் டிஓஎல் 80, 100 என்றெல்லாம் காட்டும், அதற்குக் கீழே மைனஸில் போகும். அந்த நிலையில் இந்த எண்ணை விட்டுவிட்டு வெள்ளிக் கணக்காகவே பாருங்கள்.

பின்சேர்க்கை 1: தள்ளுபடி கொடுத்துக் குறைந்த விற்பனை

பினாங்கு லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு வாசகர் எழுதியிருந்தார். டிஓஎல் சொன்னதைவிட அவருக்கு லாபம் மிக அதிகமாக விழுந்திருந்தது. விசாரித்தபோது, அவர் கடையில் ஆள் குறையவில்லை, விலையைத்தான் பத்து விழுக்காடு குறைத்திருக்கிறார் என்று தெரிந்தது. இதை முதலிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும்.

மேலே உள்ள கணக்கு, ஆள் குறைந்து விற்பனை குறைவதற்கு மட்டுமே பொருந்தும். விலையைக் குறைத்தால் அதே அளவு அரிசியும் மீனும் செலவாகும், வரும் பணம்தான் குறைகிறது. எங்கள் கடையில் எல்லாச் சாப்பாட்டுக்கும் பத்து விழுக்காடு தள்ளுபடி கொடுத்து, அதே எண்ணிக்கையில் ஆள் வந்தால் விற்பனை 54,000. மாறும் செலவில் கமிஷன் மட்டும் 360 குறையும், ஏனென்றால் அது விலையில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் அப்படியே. லாபம் 360 வெள்ளி. ஆள் குறைந்தபோது 3,000 மிஞ்சியது, விலையைக் குறைத்தால் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. நோன்பு மாதத்துக்குத் தள்ளுபடி போடலாம் என்று மாமா வைத்திருந்த திட்டத்தை இதைப் பார்த்துத்தான் கைவிட்டோம்.

பின்சேர்க்கை 2: வங்கிக் கடன்

வேறொருவர், கணக்கில் 50 விழுக்காடு வருகிறது, கையில் 60 விழுக்காடு குறைகிறதே என்று கேட்டார். அவருக்கு வங்கிக் கடன் இருக்கிறது. டிஓஎல்-இல் வரும் லாபம் வட்டி கட்டுவதற்கு முந்தையது, வட்டியை நிலையான செலவில் சேர்க்கக் கூடாது. எங்கள் எண்களிலேயே மாதம் 1,000 வெள்ளி வட்டி இருப்பதாக வைத்தால், வட்டி போக முன்பு 5,000, இப்போது 2,000. அதுதான் அந்த 60 விழுக்காடு. கடன் உள்ளவர்கள் B9-இல் வட்டியைப் போட்டு, `=(B4*0.9-B3-B9)/(B5-B9)-1` என்று இன்னொரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள்.