மூன்று புள்ளிகளை நம்பாதீர்கள்: தளர்வுப் பயிற்சி ஒலிப்பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வழிகாட்டும் தளர்வுப் பயிற்சிக்குப் பிரதி எழுதிப் பதிவு செய்யத் தொடங்குபவர்கள் அடிக்கடி தங்கள் முதல் முயற்சியைக் கேட்கச் சொல்லி அனுப்புகிறார்கள். கேட்கக் கேட்க, தொடக்க காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்த அதே பிழைகள் வரிசையாக வருகின்றன. மின்விசிறிச் சத்தம், காகிதச் சரசரப்பு, நடுவில் அலறும் கைபேசி போன்றவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவற்றை முதல் முறை கேட்டவுடனேயே நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். கேட்டாலும் பிடிபடாதவைதான் தொல்லை.

இடைவெளிக்கு மூன்று புள்ளி வைப்பது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஒருவர் அனுப்பிய பிரதியில் மூச்சுப் பகுதி ஏறக்குறைய இப்படி இருந்தது:

"மூச்சை ஆழமாக உள்ளே இழுங்கள்... சிறிது நேரம் நிறுத்துங்கள்... இப்போது மெதுவாக வெளியே விடுங்கள்... உங்கள் கவலைகள் எல்லாம் மூச்சோடு வெளியேறுவதை உணருங்கள்... மீண்டும் மூச்சை உள்ளே இழுங்கள்..."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு இதன்படி மூச்சுவிட்டுப் பாருங்கள். முதல் வரியை நிதானமாகச் சொல்ல 3 நொடி ஆகிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால், 'இழுங்கள்' என்று முடிந்த பிறகுதான் கேட்பவர் இழுக்கத் தொடங்குகிறார். அவருக்கு இன்னும் 4 நொடி வேண்டும். படிப்பவரோ மூன்று புள்ளிக்கு 1 நொடி கொடுத்துவிட்டு 'சிறிது நேரம்' என்று அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். பாதி மூச்சில் இருப்பவர், தான் பின்தங்கிவிட்டதாக நினைத்து அவசரமாக இழுத்து முடிக்கிறார். 8ஆவது நொடியில் தொடங்கும் 'வெளியே விடுங்கள்' என்ற வரி 11ஆவது நொடியில் முடிகிறது. அவர் 6 நொடியில் மூச்சை விட்டு முடிப்பதற்குள் கவலைகள் பற்றிய வரியும் ஓடிவிடுகிறது. 'மீண்டும் உள்ளே இழுங்கள்' என்ற கட்டளை முடிவதோ 21ஆவது நொடியில். அதாவது 17ஆவது நொடியிலிருந்து 4 நொடி அவர் வெறும் நுரையீரலோடு காத்திருக்கிறார். ஒரே சுற்றில் ஓரிடத்தில் விரட்டுகிறோம், இன்னோரிடத்தில் திணறடிக்கிறோம். இதற்குப் பெயர் தளர்வுப் பயிற்சி!

இதைப் பதிவு செய்தவர் கவனக்குறைவானவர் அல்ல. சிக்கல் வேறு. பேசுவதே மூச்சை வெளியே விடும் வேலை. 'உள்ளே இழுங்கள்' என்று சொல்லும்போது படிப்பவரின் மூச்சு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. கேட்பவரின் தாளம் அவர் உடலில் இல்லவே இல்லை. போதாக்குறைக்கு, மைக்கின் முன் மௌனமாக உட்கார்ந்திருப்பவருக்கு 3 நொடிகூட நெடுநேரமாகத் தோன்றும். கண்ணை மூடிப் படுத்திருப்பவருக்கு அதே 3 நொடி ஒன்றுமே இல்லை. எனவே 'உணர்ந்து நிறுத்துகிறேன்' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். உணர்வில் விடும் இடைவெளி சுருங்கியே தீரும்.

நான் சொல்லிக்கொடுக்கும் வழி எளிது. பிரதியில் ஒவ்வொரு இடைவெளிக்கும் நொடியை எண்ணாக எழுதுங்கள். வரி முடிந்த பிறகு தொடங்கும் மௌனத்தின் நீளம்தான் அந்த எண். மூச்சுக்கான விளக்கத்தை ஒரே முறை சொல்லி முடித்துவிடுங்கள். பிறகு கட்டளை ஒரே சொல்லாக இருக்கட்டும். மேலே உள்ள பகுதியை இப்படி மாற்றலாம்:

"இனி நான் 'உள்ளே' என்றதும் மூக்கு வழியாக மெல்ல மூச்சை இழுங்கள். 'வெளியே' என்றதும் விடுங்கள். என் வேகம் உங்களுக்குச் சரிப்படாவிட்டால் உங்கள் வேகத்திலேயே இருங்கள். [8]
உள்ளே. [4]
வெளியே. [6]
உள்ளே. [4]
வெளியே. [6]
உள்ளே. [4]
வெளியே. [6]
இனி எண்ண வேண்டாம். மூச்சு அதன் போக்கில் வந்து போகட்டும். [20]"

ஒரு சுற்றுக்குச் சொற்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 12 நொடி, அதாவது நிமிடத்துக்கு 5 மூச்சு. ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுகிறார். நாம் கேட்பது அதில் பாதிக்கும் குறைவு. இதைச் சிலர் சுகமாகத் தாங்குவார்கள், சிலருக்கு முட்டும். அதனால்தான் மூன்றே சுற்று, அதற்குப் பின் விடுதலை. கவலைகள் வெளியேறும் வரியை நான் எடுத்துவிட்டதையும் கவனித்திருப்பீர்கள். மூச்சை விடும் 6 நொடிக்குள் அதைத் திணித்தால் கேட்பவர் வாக்கியத்தைப் பின்தொடர்வாரே தவிர மூச்சை அல்ல. அது வேண்டுமென்றால் 20 நொடி மௌனத்துக்குப் பிறகு வைக்கலாம்.

வெளிமூச்சு நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைகிறது, விடும்போது தணிகிறது. இரண்டுக்கும் சமநேரம் கொடுத்தால் தவறில்லை. ஆனால் உள்மூச்சை நீட்டி வெளிமூச்சைக் குறுக்கும் பிரதி தன் நோக்கத்துக்கு எதிராகவே வேலை செய்கிறது.

பதிவின்போது நொடிமுள் உள்ள கடிகாரம் கண் முன்னால் இருக்க வேண்டும். அல்லது நிமிடத்துக்கு 60 தட்டு வைத்த மெட்ரோனோமை ஹெட்போனில் மட்டும் ஓட விடுங்கள். ஹெட்போனிலிருந்து அந்தத் தட்டு மைக்குக்குக் கசியாதபடி ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஒருவரைப் படுக்க வைத்துப் பதிவைப் போடுங்கள். 'எப்படி இருந்தது' என்று கேட்காதீர்கள், 'நன்றாக இருந்தது' என்றுதான் சொல்வார். அவர் வயிற்றைப் பாருங்கள். 'வெளியே' என்ற சொல் வருமுன்பே அது இறங்கத் தொடங்கினால் உங்கள் 4 நொடி அவருக்கு அதிகம். சொல் வந்த பிறகும் ஏறிக்கொண்டிருந்தால் குறைவு.

சுருங்கிய பதிவை எடிட்டிங்கில் நீட்டுவது

மூன்று புள்ளிக்காரர்களின் அடுத்த நிலையம் இது. பத்து நிமிடம் வரும் என்று எழுதியது ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும். உடனே மென்பொருளில் வேகத்தைக் குறைத்து இழுப்பார்கள். சற்றே இழுத்தால் தெரியாது. ஆறைப் பத்தாக்கினால் உயிரெழுத்துகள் எல்லாம் நீண்டு, தூக்கக் கலக்கத்தில் பேசுவது போன்ற குரல் கிடைக்கும்.

சிலர் வரிகளுக்கிடையே வெற்று மௌனத்தைச் செருகுகிறார்கள். இது முந்தையதைவிட மேல் என்றாலும் ஒரு கண்ணி இருக்கிறது. எந்த அறைக்கும் ஒரு மெல்லிய இரைச்சல் உண்டு. குரலோடு அது வரும், வெற்று மௌனத்தில் சட்டென்று அறுந்துபோகும், அடுத்த வரியில் திரும்ப வரும். ஸ்பீக்கரில் கேட்டால் தெரியாமல் போகலாம். ஆனால் இந்தப் பதிவுகளைப் பெரும்பாலோர் இருட்டில் ஹெட்போனில் கேட்கிறார்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் யாரோ கதவைச் சாத்தித் திறப்பதாக அவர்களுக்குப் படும்.

எனவே படிக்கத் தொடங்குமுன் அதே மைக், அதே நாற்காலி, அதே ஒலி அளவில் 30 நொடி ஒன்றும் பேசாமல் பதிவு செய்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இடைவெளியை நீட்ட வேண்டி வந்தால் இந்த அறை மௌனத்தைத்தான் வெட்டி ஒட்ட வேண்டும். ஒட்டும் இரு முனைகளிலும் சிறிது ஒன்றன்மேல் ஒன்று கலக்கும்படி விடுங்கள். அந்த 30 நொடியை எடுத்துவைக்காத ஒருவர் முழுப் பதிவையும் மறுபடி செய்ய நேர்ந்தது. வேறு நாளில் குரலும் சற்று மாறியிருந்ததால் பாதியைக் காப்பாற்றவும் வழியில்லை.

பின்னணி ஒலியைத் தானாக ஏறி இறங்க விடுவது

பேச்சு வரும்போது இசையைக் குறைத்து, பேச்சு நின்றதும் உயர்த்தும் வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது. செய்திக்கும் விளம்பரத்துக்கும் அது பொருந்தும். இங்கே கேட்பவர் மூச்சை விட்டு அமைதியில் இறங்கும் ஒவ்வொரு முறையும் இசை எழும்பி வந்து அவரை உலுக்கும். பாடுபட்டு எழுதிய 20 நொடி மௌனம் அந்த இசைக்கு மேடையாகிவிடும். அதை அணைத்துவிடுங்கள். பின்னணி தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே மட்டத்தில், குரலைவிட 20 டெசிபல் அளவுக்குக் கீழே ஓடட்டும். வரும்போதும் போகும்போதும் மட்டும் பத்து நொடிக்கு மேல் எடுத்து மெல்ல ஏறி மெல்ல மறைய வேண்டும்.

மெட்டுள்ள இசை வேண்டாம். மெட்டு இருந்தால் மனம் அடுத்த சுரத்துக்குக் காத்திருக்கும். ஒரே தொனியில் நீளும் சுருதி போதும். சிறு துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் ஒட்டிய இடம் இடைவெளியின் நடுவில் விழுகிறதா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் விழும். இரைச்சலை வெட்டும் வடிகட்டியையும் கடுமையாக வைக்காதீர்கள். தணிந்த குரலில் சொற்களின் வாலை அது இரைச்சல் என்று நினைத்து நறுக்கிவிடும். 'தளரட்டும்' என்பது 'தளரட்டு' என்று நிற்கும்.

இறுக்குவதற்கும் தளர்வதற்கும் ஒரே நேரம் கொடுப்பது

தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் முறையை அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வளர்த்தெடுத்தார். அதைப் பிரதியாக்குபவர்கள் 'கைகளை இறுக்கிப் பிடியுங்கள் [5], விடுங்கள் [5], இப்போது தோள்கள்' என்று உடற்பயிற்சி வகுப்புபோல் ஓடுகிறார்கள். இறுக்க 5 நொடி போதும். விட்ட பிறகு 20 நொடியாவது வேண்டும். இரண்டு நிலைகளுக்குமுள்ள வேறுபாட்டைக் கேட்பவர் கவனிப்பது அந்த நேரத்தில்தான். நேரம் போதவில்லை என்றால் தசைகளின் பட்டியலைக் குறையுங்கள். கால், கை, தோள், முகம் என்று நான்கோடு நிறுத்தினாலும் நல்ல பதிவு வரும். 'வலி இருக்கும் இடத்தை விட்டுவிடுங்கள்' என்ற வரியும் இருக்கட்டும்.

'இன்னும் ஆழமாக, இன்னும் ஆழமாக'

படுத்திருப்பவர் தொடர்ந்து பெரிய பெரிய மூச்சாக இழுத்து விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போவதுபோல் இருக்கும். பயந்த சுபாவமுள்ளவர் இதை வேறு ஏதோ என்று எண்ணி எழுந்து உட்கார்ந்துவிடுவார். 'ஆழமாக' என்ற இடத்தில் 'மெல்ல' என்று எழுதுங்கள். மூச்சை நிறுத்தச் சொல்லும் வரியைப் பொதுவான பதிவில் நான் வைப்பதே இல்லை.

குரலைக் குழைப்பது

வேண்டாம், உங்கள் இயல்பான குரலையே கொஞ்சம் தணித்துப் பேசினால் போதும்.

முடிவை முடிவு செய்யாமல் எழுதத் தொடங்குவது

கேட்பவர் உறங்க வேண்டுமா, எழுந்து வேலைக்குப் போக வேண்டுமா? உறக்கத்துக்கான பதிவில் 'கண்களைத் திறங்கள்' என்பது கொடுமை. பகலுக்கான பதிவில் அது இல்லாவிட்டால் ஆள் தள்ளாடி எழுவார். பகல் பதிவென்றால் விரல்களை அசைப்பது [10], கை கால்களை நீட்டுவது [10], பக்கவாட்டில் திரும்புவது [10], கண் திறப்பது என்று ஒரு நிமிடமாவது ஒதுக்குங்கள்.

எச்சரிக்கையைக் கடைசியில் வைப்பது

'வாகனம் ஓட்டும்போது கேட்காதீர்கள்' என்பது முதல் வரி.