காட்டுக் காளானும் வீட்டுச் சோதனைகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்குப் பின் முளைத்த காளான்களைப் பறித்து வந்து, வெள்ளிக் கரண்டியையோ ஒரு பல் பூண்டையோ உடன் போட்டு வேகவைத்து, அது கறுக்காவிட்டால் நஞ்சில்லை என்று முடிவு செய்வதுதான் முதல் தவறு. வெள்ளியைக் கறுக்கச் செய்பவை சில கந்தகச் சேர்மங்கள். காளான் நஞ்சால் நேரும் இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான அமாடாக்சின், வெள்ளியிலோ பூண்டிலோ எந்த நிறமாற்றத்தையும் உண்டாக்குவதில்லை. புழுவும் நத்தையும் தின்ற காளான் நமக்கும் ஆகும் என்பது அதைவிடத் தவறான கணக்கு, ஏனெனில் அவற்றின் உடலைப் பாதிக்காத நஞ்சு நம் கல்லீரலை அழித்துவிடும். வேகவைத்து நீரை வடித்தாலும், காயவைத்தாலும், உறையவைத்தாலும் இந்த நஞ்சு சிதைவதில்லை. சுவையிலும் கசப்போ உறைப்போ தெரியாது.

தோற்றத்தை நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்த நஞ்சுள்ள அமானிட்டா வகைகளின் தண்டடியில் பை போன்ற ஓர் உறை இருக்கும். ஆனால் அது மண்ணுக்குள் புதைந்திருப்பதால், தண்டை ஒடித்துப் பறிப்பவர் கைக்கு அந்த அடையாளம் வந்து சேர்வதே இல்லை. உறை இல்லாததால் காளான் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது, ஏனெனில் அந்த உறையே இல்லாத கலெரினா, லெபியோட்டா இனங்கள் சிலவற்றிலும் இதே நஞ்சு இருக்கிறது.

மிகக் கொடியது இந்த நஞ்சு காட்டும் காலதாமதம். இரவு 8 மணிக்குச் சாப்பிட்ட ஒருவர் நிம்மதியாகத் தூங்கி, காலை 6 மணிக்குக் கடும் வாந்தியோடும் தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்கோடும் எழுந்திருப்பார். பத்து மணி நேரம் கடந்துவிட்டதால் காளான்மீது சந்தேகமே வராது. அடுத்த நாள் வயிறு அடங்கி, உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றும். அந்த நேரத்தில்தான் கல்லீரல் செல்களில் புதிய புரதங்கள் உருவாகாதபடி நஞ்சு தடுத்துக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் கண் மஞ்சளாகும்போது சேதம் முற்றியிருக்கும்.

எனவே, அறிகுறிக்காகக் காத்திருக்காமல், அந்தக் காளானைச் சாப்பிட்ட அனைவரும், நலமாக இருப்பவர்கள் உட்பட, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உப்புநீர் குடித்தோ விரல்விட்டோ வாந்தி எடுக்க முயல வேண்டாம். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், முதல் வாந்தி எப்போது வந்தது என்று எழுதிக்கொண்டு, மீந்த கறியையும், சமைக்காத காளான் இருந்தால் அதைக் காகிதப் பையிலும் எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் அது விரைவில் அழுகிவிடும். ஓரிரு மணி நேரத்திலேயே வாந்தி வந்தால் பெரும்பாலும் வேறு வகை நஞ்சுதான் என்றாலும், பல காளான்கள் கலந்த குழம்பில் இரண்டும் இருக்கக்கூடும். மருத்துவமனையில் மருந்துக் கரியும் சிரைவழி நீரும் கொடுத்து, கல்லீரல் பரிசோதனையை மீண்டும் மீண்டும் செய்வார்கள். முதல் அறிக்கை சரியாக இருக்கிறது என்பதற்காக வீட்டுக்கு அனுப்பும்படி வற்புறுத்தாதீர்கள்.