இழுப்பறையில் மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்: பெயரைப் பாருங்கள், விழுங்காதீர்கள்

சிங்கப்பூரில் மருந்தகத்திலோ பலதுறை மருந்தகத்திலோ தரும் மாத்திரைகள் பெரும்பாலும் சிறிய பிளாஸ்டிக் பையில் வருகின்றன. யாருக்கு, என்ன மருந்து, எத்தனை வேளை என்பதெல்லாம் அந்தப் பையின் மேல் அச்சாகியிருக்கும். உடம்பு தேறியதும் பலர் பையை எறிந்துவிட்டு, மாத்திரை அட்டையை மட்டும் இழுப்பறையில் போட்டுவைக்கிறார்கள். தவறு அங்கேயே தொடங்குகிறது. ஊரிலிருந்து வாங்கிவந்த அட்டை என்றால் நிலைமை இன்னும் மோசம். கடைக்காரர் கத்தரியால் வெட்டிக் கொடுத்ததில் பாதிப் பெயர்தான் மிஞ்சும். காலாவதித் தேதி மற்றப் பாதியோடு போயிருக்கும்.

அட்டையில் பெரிதாக இருக்கும் வணிகப் பெயரை மட்டும் படிப்பது அடுத்த தவறு. அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைத்தான் தேட வேண்டும். அது ‘சிலின்’ என்று முடிந்தால் பெனிசிலின் குடும்பம்: அமோக்சிசிலின், குளோக்சசிலின். ‘செஃப்’ என்று தொடங்கினால் செஃபலோஸ்போரின் வகை. ‘த்ரோமைசின்’, ‘ஃப்ளோக்சசின்’, ‘சைக்ளின்’ என்று முடிபவையும் ஆன்டிபயாட்டிக்தான். ஆனால் இந்த அடையாளம் எதுவும் இல்லாததால் அது ஆன்டிபயாட்டிக் அல்ல என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மெட்ரோனிடசோல் இந்த வரிசையில் சேராத ஆன்டிபயாட்டிக்.

இது வெறும் பெயர் விவகாரம் அல்ல. ‘ஆக்மென்டின்’ என்ற பெயரில் பெனிசிலினின் சாயலே இல்லை. ஆனால் அந்த 625 மில்லிகிராம் மாத்திரையில் 500 மில்லிகிராம் அமோக்சிசிலின்; மீதி 125 கிளாவுலானிக் அமிலம். பெனிசிலின் ஒவ்வாமை உள்ள மாமியாருக்கு, “எனக்கு நன்றாகக் கேட்டது, அத்தை” என்று மருமகள் அன்போடு எடுத்துக் கொடுக்கும் மாத்திரை, உடலெங்கும் தடிப்பையும் மூச்சுத் திணறலையும் கொண்டுவரக்கூடும்.

மிஞ்சிய மாத்திரை புதிய நோயில் என்ன செய்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். பல் வேரில் சீழ் வைத்ததற்காக ஒரு பெண்ணுக்கு ஆக்மென்டின் கொடுத்திருந்தார்கள். வீக்கம் வடிந்ததும் அவர் நிறுத்திவிட்டார். நான்கு மாத்திரைகள் மிஞ்சின. சில மாதங்கள் கழித்துச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். நாளுக்கு இரண்டு வேளை என்று அந்த நான்கையும் போட்டுக்கொள்கிறார். இரண்டே நாளில் மருந்து தீர்ந்துவிடுகிறது. எரிச்சல் குறைந்ததால் குணமாகிவிட்டதாக நினைக்கிறார். உண்மையில் எளிதில் சாகும் கிருமிகள் செத்தன, தாக்குப்பிடித்தவை தங்கிவிட்டன. மீண்டும் பெருகும்போது பெருகுபவை அவைதான்.

எரிச்சல் திரும்பவே மருத்துவரிடம் போகிறார். சிறுநீர்க் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு மாதிரி எடுக்கிறார்கள். எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று காட்டுவது இந்தச் சோதனை. ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே மாதிரி எடுக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு: உடலில் கொஞ்சம் மருந்து இருந்தாலும் மாதிரியில் கிருமி வளராமல் போகலாம். தொற்று உள்ளே இருக்க, அறிக்கை ‘கிருமி இல்லை’ என்று வரும். அதற்குள் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறினால் குளிர்க்காய்ச்சலும் விலாப்பக்க வலியும் வரும். அப்போது வீட்டில் காத்திருக்கவே கூடாது.

அவர் கையில் கிடைத்தது குளோக்சசிலினாக இருந்திருந்தால் இந்த அரைகுறை நிவாரணம்கூட இருந்திருக்காது. அது தோலில் வரும் கட்டிகளுக்குக் காரணமான ஸ்டெஃபிலோகாக்கஸ் வகைக் கிருமிகளுக்கானது. சிறுநீர்த் தொற்றுக்கு வழக்கமான காரணமான ஈ.கோலை கிருமியை அது தொடுவதில்லை. சளி, ஃப்ளூ, டெங்கி போன்ற வைரஸ் நோய்களிலோ எந்த ஆன்டிபயாட்டிக்கும் வைரஸை ஒன்றும் செய்யாது. டெங்கி பரவும் இந்த ஊரில், “மாத்திரை போட்டிருக்கிறேனே, இறங்கிவிடும்” என்று காய்ச்சலோடு கழிக்கும் நாட்கள் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடும் நாட்கள்.

குழந்தைகளுக்கான ஆன்டிபயாட்டிக் சிரப்பில் போத்தலில் அச்சிட்ட காலாவதித் தேதியை நம்ப வேண்டாம்; அது நீர் கலக்காத தூளுக்கு உரியது. கலந்த பிறகு ஆக்மென்டின் சிரப் குளிர்பெட்டியில்கூட ஏழு நாட்களுக்கு மேல் தாங்காது.

மிஞ்சியதைக் கழிப்பறையிலோ பாத்திரம் கழுவும் தொட்டியிலோ கொட்டாதீர்கள். பையிலுள்ள பெயரை அழித்துவிட்டு, மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, குடித்து முடித்த தேயிலைச் சக்கையோடு கலந்து, இறுகக் கட்டிக் குப்பையில் போடலாம்.

ஏற்கெனவே ஒன்றிரண்டை விழுங்கிவிட்டீர்கள் என்றால், மாதிரி கொடுக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்: என்ன மருந்து, எத்தனை, கடைசியாக எப்போது. அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். சோதனை அறிக்கையை எப்படிப் படிப்பது, அடுத்து எந்த மருந்து தருவது என்பதை அவர் அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்.